மழை இறங்கிவிட்டது: வழுக்காத, சீக்கிரம் காயும் செருப்புகள் கடையில் தயார்

ரங்கூன் வாழ் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

இன்று மாலை அனோரதா சாலையில் முதல் பெருமழை கொட்டியது. அரை மணி நேரத்தில் சாக்கடை நிரம்பி, காளி கோயில் பக்கம் நடைபாதை ஓரமெல்லாம் தண்ணீர் தேங்கிவிட்டது. கத்திரி முடிவதற்குள் மழை வந்துவிட்டதே என்று எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று இன்றிரவே ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. மழைக்காலம் முழுவதிலும் தரை மோசமாக வழுக்குவது இந்த முதல் சில மழைகளில்தான். நவம்பரிலிருந்து படிந்த புழுதி, வண்டி எண்ணெய், வெற்றிலை எச்சில் எல்லாம் தண்ணீரோடு குழைந்து சிமெண்டுத் தரைமேல் ஒரு மெல்லிய சேறாக நிற்கிறது. நாலைந்து நல்ல மழை அடித்த பிறகுதான் அது கழுவிக்கொண்டு போகும். அதற்குப் பின் ஜூலை, ஆகஸ்டில் பாசி பிடிக்கத் தொடங்கும், அது வேறு கதை. ஆக, செருப்பு மாற்ற வேண்டுமென்றால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றுங்கள்.

மழைக்கால சரக்கு முழுவதும் எங்கள் மழைச்செருப்புக் கடைக்கு வந்து இறங்கிவிட்டது. நாளைக் காலையிலிருந்து விற்பனை. இந்தத் தடவை கடை வாசலில் ஒரு சலவைக்கல் பலகையைப் போட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கம்பியும் உண்டு. எந்த ஜோடியானாலும் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்து பாருங்கள், வழுக்கினால் வாங்காதீர்கள். காய்ந்த தரையில் நாலு எட்டு வைத்துவிட்டு மழைச்செருப்பு வாங்குவதில் அர்த்தமே இல்லை. எங்கள் ஆட்களும் அந்தப் பலகையில் நடந்து பார்த்துத் தேறிய சரக்கைத்தான் அடுக்கியிருக்கிறோம். தேறாதவற்றை மொத்த வியாபாரியிடமே திருப்பிவிட்டோம்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்கிறார்கள். அடியில் பூப்போல அழகாக அச்சு இருந்தால் போதாது. காலை வைக்கும்போது அடியில் மாட்டுகிற தண்ணீர் வெளியே ஓட வழி வேண்டும். வெட்டுகள் செருப்பின் ஓரம்வரை திறந்திருந்தால் தண்ணீர் விலகி ரப்பர் தரையைத் தொடும். நடுவிலேயே மூடிக்கொண்டால் தண்ணீர் அங்கேயே நின்று காலை மிதக்க வைக்கும். அடுத்தது ரப்பரின் மென்மை. நகத்தால் அழுத்தினால் சற்றே உள்வாங்க வேண்டும். கட்டைபோல் இறுகிய அடி எத்தனை வெட்டு போட்டிருந்தாலும் சலவைக்கல்லில் நிற்காது. எடையே தெரியாத நுரை ஹவாய் செருப்பு வீட்டுக்குள் போட நல்லது, சீக்கிரம் காயும். ஆனால் அதன் அடி தேய்ந்து வழவழப்பானதும் பஸ் படிக்கட்டில் அதை நம்பாதீர்கள். டலாவிலிருந்து பன்சோடன் துறைக்கு தினம் படகில் வருகிற அண்ணன்மார், அக்காமாருக்கு இது இன்னும் முக்கியம். படகிலிருந்து இறங்கும் பாலத்தின் இரும்பு, ஈரமானால் கண்ணாடிதான். உங்களுக்காகவே அடியில் இயற்கை ரப்பர் ஒட்டி, குதிகாலில் வார் வைத்த மாதிரி ஒன்று தனியாகக் கொண்டுவந்திருக்கிறோம்.

புதுச் செருப்பு வாங்கினவர்கள் முதல் தடவை போடுமுன் அடியைச் சோப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் வழவழப்பு அப்போதுதான் போகும்.

இனி காய்வது பற்றி. கரண்ட் இல்லாத இரவுகளில் மின்விசிறிக்குக் கீழே செருப்பை வைத்துக் காயவைக்க முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் காற்றிலேயே காய்கிற சரக்கைத்தான் தேர்ந்தெடுத்தோம். பஞ்சு, துணி, வெல்வெட் வைத்த வார் தண்ணீரை உறிஞ்சி மறுநாள் மதியம்வரை ஈரமாகவே இருக்கும். மூன்றாம் நாள் வாடை, அதன்பிறகு விரலிடுக்கில் சேற்றுப்புண். எங்களிடம் உள்ளவை ரப்பர் வார் அல்லது நெருக்கமாக நெய்த நைலான் வார். நாலு உதறு உதறினால் பாதித் தண்ணீர் போய்விடும். இரவு நனைத்துக் கடைக்குள் தொங்கவிட்ட ஜோடிகளைத் தினமும் காலையில் மேசைமேல் வைப்போம். தொட்டுப் பாருங்கள்.

ஷ்வேடகோன் போகும்போது செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்பவர்களுக்கும், கோயில் வாசலில் விட்டுவிட்டு அர்ச்சனை முடித்து வருவதற்குள் மழையில் ஊறிப்போகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் அம்மாமாருக்கும் இது உதவும். ஆனால் வெறுங்காலோடு நடக்கிற அந்தச் சலவைக்கல் தளத்தில் எந்தச் செருப்பும் துணைக்கு வராது. நனைந்த நேரத்தில் மெல்ல நடங்கள், பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோல் செருப்பும் வெல்வெட் செருப்பும் இந்த மாதத்திலிருந்து விற்கவில்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த நல்ல தோல் செருப்பு வைத்திருந்தால் துடைத்து, காகிதம் திணித்து, காற்றோட்டமான இடத்தில் உயரே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கட்டினால் பூஞ்சணம் பூத்துவிடும். தீபாவளிக்கு எடுத்துப் போடலாம்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் விரல் திறந்த செருப்பு கேட்டால், முன்பக்கம் மூடிய மாதிரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவோம், தவறாக நினைக்க வேண்டாம். தேங்கின தண்ணீருக்குள் கல்லும் ஆணியும் கண்ணுக்குத் தெரியாது, உணர்ச்சி குறைந்த காலில் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். இது எல்லோருக்குமே சொல்வது. எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் வெட்டுக்காயத்தோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம்.

விலை: பள்ளிப் பிள்ளைகளுக்கு 12,000 கியாட் முதல். பெரியவர்களுக்கு ரப்பர் அடி 18,000, குதிகால் வார் வைத்தது 28,000, முன்பக்கம் மூடியது 32,000. பிள்ளைகளுக்கு வாங்கும்போது அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். தளர்ந்த செருப்பு சேற்றில் மாட்டினால் பிள்ளைதான் விழும். ஒரு விரல் கனம் இடைவெளி போதும்.

முதல் மழைச் சலுகையாக, அடி தேய்ந்த பழைய ஜோடியைக் கொண்டுவந்தால் புதியதில் 2,000 கியாட் குறைத்துக்கொள்வோம். எந்தக் கடையில் வாங்கியதானாலும் சரி. மே மாதக் கடைசி வரை இது உண்டு. புதுச் செருப்பின் வார் ஒரு மாதத்துக்குள் அறுந்தாலோ அடி பிரிந்தாலோ கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம், பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கடை காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. ஞாயிற்றுக்கிழமையும் மதியம் 1 மணி வரை திறந்திருக்கும். இடம் அனோரதா சாலையில், காளி கோயிலிலிருந்து மொகல் தெரு முனைக்கு நடக்கும் வழியில், நீலத் தார்ப்பாய் போட்ட வாசல். சாலையில் தண்ணீர் நிற்கிற நாளில் வர முடியாதவர்கள் காலின் அளவைக் காகிதத்தில் வரைந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாலும் சரியான ஜோடியை எடுத்துக் கட்டித் தருகிறோம். வீட்டில் போட்டுப் பார்த்துச் சேரவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.