சரவணம்பட்டி அடுக்குமாடித் திட்டம்: வாக்-த்ரூ வீடியோவுக்கான முன்மொழிவு

கோயம்புத்தூர்
10.07.2025

ஐயா, வணக்கம்.

சரவணம்பட்டியில் நீங்கள் கட்டவிருக்கும் ஸ்டில்ட் + 4 மாடி, 16 வீடுகள் கொண்ட திட்டத்துக்கு 3டி வாக்-த்ரூ வீடியோ செய்வது பற்றித் திங்கட்கிழமை பேசினோம். அதன் விவரம் இது.

வீடியோ 90 விநாடி: முன்புறத் தோற்றமும் பார்க்கிங்கும் 20, லிஃப்ட் லாபி 5, 1,050 சதுர அடி மாதிரி வீட்டின் உட்புறம் 55, மொட்டை மாடி 10. அளவு 1920 × 1080, விநாடிக்கு 25 ஃப்ரேம், `.mp4` கோப்பு. பிரவுச்சருக்கு 4 ஸ்டில் படங்களும் உண்டு.

கேமரா 5 அடி உயரத்தில், 24 மி.மீ. லென்ஸில் நகரும். லென்ஸ் 24 மி.மீ.க்குக் கீழே போனால் 10 × 11 படுக்கையறை கல்யாண மண்டபம் போலத் தெரியும்; சைட்டுக்கு வரும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது அதைத்தான். ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி விளம்பரத்தில் தவறாகக் காட்டியதற்கு நீங்களே பொறுப்பு. ஆகவே அப்ரூவ்டு பிளானில் இல்லாத எதையும் காட்ட மாட்டோம். உங்கள் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் வீடியோவில் வரும்.

வேலை தொடங்க அப்ரூவ்டு பிளான், எலிவேஷன், செக்‌ஷன் `.dwg` கோப்புகளும், டைல்ஸ், பெயின்ட் கோடு எண்களும் தேவை. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் ஹாலின் குறுக்கே இறங்கும் பீம் வீடியோவில் வராது, கட்டடத்தில் மட்டும் வரும்.

கால அளவு 22 வேலை நாட்கள். நிறமில்லாத சாம்பல் மாடல் 6 நாள், மெட்டீரியல், லைட்டிங் 6, கேமரா பிரிவ்யூ 3, ரெண்டர் 5, எடிட்டிங், இசை 2. ஒவ்வொரு கட்டத்துக்கும் உங்கள் ஒப்புதலுக்கு 2 நாள் தனி. அது தள்ளினால் டெலிவரியும் அத்தனை நாள் தள்ளும்.

திருத்தங்கள்: சாம்பல் மாடலில் 2 சுற்று, மெட்டீரியலில் 2, பிரிவ்யூவில் 1. ஒரு சுற்று என்பது உங்கள் தரப்பில் ஒருவர் தொகுத்து அனுப்பும் ஒரே பட்டியல். பார்ட்னர், ஆர்க்கிடெக்ட், மார்க்கெட்டிங் ஆள் என்று ஆளுக்கொரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஒன்றுக்கொன்று முரண்படும். சுவர், ஜன்னல் மாற்றங்களைச் சாம்பல் மாடலிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு பிளான் மாறினால் அது புது வேலை.

ரெண்டருக்குப் பிந்தைய திருத்தத்துக்கு விநாடிக்கு ரூ.350. ஹால் டைல்ஸை மட்டும் மாற்றுவதாகவே வைத்துக்கொள்வோம். அந்தத் தரை டைனிங்கிலிருந்தும் கிச்சன் வாசலிலிருந்தும் தெரிவதால் 30 விநாடி, அதாவது 750 ஃப்ரேம் மறுபடி ஓட வேண்டும். ஃப்ரேமுக்கு 6 நிமிடம் என்றால் 75 மணி நேரம். இரண்டு மெஷினில் ஓட்டினாலும் ஒன்றரை நாளுக்கு மேல். செலவு ரூ.10,500.

கட்டணம் ரூ.85,000, ஜிஎஸ்டி 18% தனி. முன்பணம் ரூ.34,000, பிரிவ்யூ ஒப்புதலில் ரூ.34,000, வாட்டர்மார்க் இல்லாத கோப்பு தருமுன் ரூ.17,000. மூல 3டி கோப்பு இதில் சேராது.

இந்த விலை 31.07.2025 வரை. சம்மதமெனில் கையெழுத்திட்ட ஒரு பிரதியும் முன்பணமும் அனுப்புங்கள். டிராயிங் முழுமையாக வந்த மறுநாள் முதல் நாள் கணக்கு தொடங்கும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
3டி விஷுவலைசேஷன் ஸ்டுடியோ,
காந்திபுரம், கோயம்புத்தூர்