அத்தை வருவதற்குள்

(மதுரையில் ஒரு மாடி வீடு. ஞாயிறு காலை 10 மணி. 16 வயது யாழினி கட்டிலில் குப்புறப் படுத்து போன் பார்க்கிறாள். அம்மா துடைப்பத்தோடு அறை வாசலில் நிற்கிறார். உள்ளே கால் வைக்க இடமில்லை.)

அம்மா: அடியே, எங்கடி இருக்க?

யாழினி: கட்டில்லதாம்மா.

அம்மா: கட்டில் எங்க இருக்கு?

யாழினி: எனக்குக் கீழ.

அம்மா: வாய் மட்டும் சுத்தமா இருக்கு! திருநெல்வேலியில இருந்து அத்தை கிளம்பியாச்சு. மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவாங்க. எந்திரிடி எருமை!

யாழினி: எருமை சேத்துல கிடக்கும்மா. இங்க சேறு இல்லையே.

அம்மா: ரெண்டு நாள் விட்டா அதுவும் வந்துரும். இந்தச் சேரைப் பாரு. கீழடியில தோண்டுறவங்களுக்கு இங்க மாசக்கணக்குல வேலை இருக்கு. மேல நேத்துப் போட்ட சுடிதார், அதுக்குக் கீழ தீபாவளிப் பாவாடை, அதுக்கும் கீழ ஒன்பதாம் கிளாஸ் யூனிபார்ம்!

யாழினி: கீழடியில எடுத்ததுக்கு மியூசியமே கட்டிட்டாங்க. நீ துடைப்பத்தோட வந்து நிக்கிற, வரலாறு தெரியாத துடைப்பத் தளபதி!

அம்மா: அழுக்கு மூட்டை!

யாழினி: அதட்டல் அரசி!

அம்மா: கும்பகர்ணனுக்குக் கூடப்பிறந்தவளே!

யாழினி: அப்ப நான் சூர்ப்பனகை. அவளைப் பெத்த அரக்கி யாரும்மா?

(அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது. முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார்.)

அம்மா: சிரிக்க வச்சுத் தப்பிக்கலாம்னு பாக்காத, கரப்பான்பூச்சிக்கு வாடகை வாங்காம வீடு விட்ட வள்ளல்!

யாழினி: உன் பிரிட்ஜைத் திறந்தா மட்டும் என்னவாம்? ஐஸ்கிரீம் டப்பான்னு ஆசையா எடுத்தா உள்ள இட்லி மாவு! கவருக்குள்ள கவர், அந்தக் கவருக்குள்ள இன்னொரு கவர். பிளாஸ்டிக் பை பண்ணையாரம்மா!

(அம்மா கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விடுகிறார். 'டங்' என்று சத்தம். ஒரு எவர்சில்வர் டப்பா உருண்டு வருகிறது. மூடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது.)

அம்மா: என் கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த டப்பாடி! வேலைக்காரம்மா எடுத்துட்டாங்களோன்னு மனசுக்குள்ள அவங்களைக் கூடச் சந்தேகப்பட்டேனே!

யாழினி: திறக்காதம்மா.

அம்மா: ஏன்?

யாழினி: லெமன் சாதம். பொங்கலுக்கு முன்னாடி வச்சது.

அம்மா: இப்ப மாசிடி, மகாபாவி!

(காலிங் பெல் அடிக்கிறது. இருவரும் உறைந்து நிற்கிறார்கள்.)

அத்தை (வெளியிலிருந்து): அண்ணி! காலையிலேயே பஸ் கிடைச்சுருச்சு!

அம்மா (கிசுகிசுப்பாக): போச்சு. உங்கத்தை பீரோவுக்குப் பின்னாடி கூட எட்டிப் பாப்பாளே.

யாழினி: அம்மா, சேர்ல இருக்கிறதைப் போர்வைக்குள்ள தள்ளு. நான் டப்பாவை ஜன்னல் வழியா...

அம்மா: என் டப்பாவைத் தூக்கிப் போட்ட, நீயும் பின்னாடியே போவ! கதவைச் சாத்து. பூட்டு. சாவி எங்க?

யாழினி: சேர்ல. யூனிபார்முக்கும் கீழ.