வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: மற்றவர்களை நல்ல சாப்பாடு காக்குமா?

காசநோய் காற்றில் பரவும். ஆனால் கிருமி உடலுக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வயிறார உணவில்லாத உடம்பில்தான் அது எளிதில் தலைதூக்கும். சரி, சாப்பாட்டைக் கூட்டினால் நோய் குறையுமா? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின.

நோயாளிகளின் வீட்டார் சுமார் 10,300 பேர் கலந்துகொண்டனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் கிடைத்தது. எந்தெந்தப் பகுதியில் வீட்டாருக்கும் தருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அங்கே பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை. ரேஷன் கடைச் சாமான்தான், ஆடம்பரம் ஒன்றுமில்லை.

உணவு பெறாத வீட்டாரில் 1,000 பேருக்கு 26 பேரைக் காசநோய் பிடித்தது. பெற்றவர்களில் 17 பேரை. மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்தால், நோய் வரும் வேகம் 39 சதவீதம் குறைவு. இது தடுப்பு பற்றிய கணக்கு மட்டுமே. நோய் வந்தவர்கள், நன்றாகச் சாப்பிடுகிறோமே என்று காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.