திரும்பப் பெறும் அறிவிப்பு: 500 கிராம் சத்துமாவு, பேட்ச் எண் 26114

கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும்,

எங்கள் பெருந்துறை ஆலையில் தயாரான சத்துமாவில் ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறுகிறோம். மஞ்சள் பாக்கெட், பச்சைப் பட்டையில் 'நிலக்கடலை சேர்க்காதது' என்று இருக்கும். எடை 500 கிராம், விலை ₹185, தயாரிப்பு தேதி 11.05.2026. பேட்ச் எண் பாக்கெட்டின் பின்பக்கம், விலைக்கு மேலே இருக்கிறது. 26114 என்று இருந்தால் மட்டும் இந்த அறிவிப்பு பொருந்தும். மற்ற பேட்ச்களில் இந்தத் தவறு இல்லை.

தவறு எங்களுடையது. பேக்கிங் பிரிவில் கவர் ரோல் மாற்றும்போது கவனிக்காமல், நிலக்கடலை கலந்த மாவை இந்தப் பாக்கெட்டில் அடைத்துவிட்டோம். மாவு கெட்டுப்போகவில்லை. ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இது உயிருக்கே ஆபத்தாகலாம். கஞ்சியாகக் கொதிக்கவைத்தாலும் சலித்தாலும் அந்த ஆபத்து போகாது. "கொஞ்சம்தானே" என்று கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பிட்டபின் உடலில் தடிப்பு, உதடு அல்லது முகம் வீக்கம், வாந்தி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாடிக்கையாளர்கள் பாக்கெட்டை வாங்கிய கடையிலேயே கொடுத்து முழுப் பணத்தையும் பெற்றுக்கொள்ளலாம். பில் தேவையில்லை, பாதி காலியானதும் பரவாயில்லை. மாவை டப்பாவில் கொட்டி, கவரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? பேட்ச் எண் தெரியாத நிலையில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். எங்களுக்கு போன் செய்யுங்கள், பணம் அனுப்புகிறோம். வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே டப்பாவிலிருந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கஞ்சி போகலாம்.

கடைக்காரர்களே, இன்றே இந்த பேட்ச்சை அலமாரியிலிருந்து எடுத்து, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். தள்ளுபடியில் விற்க வேண்டாம், சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டாம். குப்பையில் போடாதீர்கள்; எத்தனை பாக்கெட் திரும்பி வந்தது என்று எங்களுக்குக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும். இருப்பையும் விற்ற எண்ணிக்கையையும் ஜூன் 12 வெள்ளி மாலைக்குள் உங்கள் விநியோகஸ்தரிடம் சொல்லுங்கள். அவர் வண்டியிலேயே சரக்கை எடுத்துக்கொள்வார். சரக்கின் விலையும் வாடிக்கையாளருக்கு நீங்கள் திருப்பித் தந்த பணமும் அடுத்த பில்லில் கழியும். கடனுக்கு வாங்கியவர்களின் பெயர் நோட்டில் இருக்குமே, அவர்களுக்கு ஒரு வார்த்தை போன் செய்து சொல்லிவிடுங்கள். இந்தத் தாளைக் கல்லாப்பெட்டி அருகே ஒட்டி வையுங்கள்.

இந்த பேட்ச் ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர், சேலம் மாவட்டக் கடைகளுக்குப் போயிருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவித்துவிட்டோம்.

தொடர்புக்கு: 1800 000 4821, கட்டணமில்லை, ஞாயிறு உட்பட காலை 7 முதல் இரவு 10 வரை. யாருக்காவது உடல்நலம் பாதித்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், தரக்கட்டுப்பாட்டு மேலாளரே பேசுவார். எங்கள் பதில் திருப்தியாக இல்லையென்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண் 94440 42322.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு,
சத்துமாவு ஆலை, பெருந்துறை, ஈரோடு மாவட்டம்
08.06.2026