பி.பெ.ம. கால் வீசை

ஜூன் 7, சனி

ஏற்காட்டு வீட்டைக் காலி செய்யப் போயிருக்கும் தம்பி மகள், அலமாரித் தட்டில் விரித்திருந்த ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். அப்பாயி கையால் எழுதிய மளிகைச் சீட்டு. எடுக்கும்போதே மடிப்பு மடிப்பாக உதிர்ந்துவிட்டதாம். ஆகவே இனி இந்தப் படம்தான் சீட்டு.

உச்சியில் பிள்ளையார் சுழி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே நீல மை வெளுத்து, தாளின் பழுப்போடு கலந்து கிடக்கிறது. சாமான் பெயர் ஒன்றுகூட முழுதாக இல்லை. து.ப., க.ப., ந.எ. என்பவை துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, நல்லெண்ணெய் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நடுவில் உள்ள நான்கு வரிகள்தாம் பிடிபடவில்லை. அவற்றின் எதிரில் மட்டும் சிறு வட்டம் போட்டிருக்கிறது. அடியில் "ஆக ரூ. 23, ந.பை. 40" என்று கூட்டுத்தொகை.

தாத்தா காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வாரம் ஒருமுறை தோட்டத்து லாரி சேலத்துக்கு இறங்கும்போது, அப்பாயி சீட்டை டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். லீ பஜாரில் சாமான் கட்டி மாலையில் மலையேறி வரும். இதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டவை.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி மகள் கல்லூரியில் கற்ற வித்தையைக் காட்டினாள். வண்ணப் படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அடுக்குகளால் ஆனது. நீல மை சிவப்பொளியை விழுங்கிவிடுவதால், சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் மை கறுத்தும் பழுப்பேறிய தாள் வெளுத்தும் தெரியும் என்றாள். அப்படியே தெரிந்தது. மழுங்கிப் போயிருந்த வரிகள் நேற்று எழுதியவைபோல் எழுந்து நின்றன.

வட்டமிட்ட வரிகள் இவை: "பி.பெ.ம. வ", "ப.க. 2 வீ", "வி.எ. 1 படி", "உ.ம. 1 செட்டு".

"உ.ம. என்றால் உப்பும் மஞ்சளும்தானே பெரியப்பா?" என்று கேட்டாள். உப்பையும் மஞ்சளையும் செட்டாக யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாற்று விடையும் என்னிடம் இல்லை.

காலத்தை ஓரளவு கணிக்கலாம். ந.பை. என்பது நயா பைசா. அது 1957 ஏப்ரலில் புழக்கத்துக்கு வந்தது, 1964இல் "நயா" என்ற அடைமொழி கழன்றுவிட்டது. கிலோ 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வந்தது. இச்சீட்டிலோ இன்னும் வீசையும் படியும்தான் இருக்கின்றன. ஆக, அறுபதை ஒட்டிய ஆண்டுகளாக இருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

செவ்வாய்ப்பேட்டைக்குப் போன வேலை சீக்கிரம் முடிந்ததால், மளிகை மண்டியொன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தேன். கைப்பேசித் திரையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, மண்டியில் சாமான் சொல்வதுபோலவே கடகடவென்று படித்தார்.

"மி.வ. வ" என்ற வரியில் முதல் "வ" வற்றல், இரண்டாம் "வ" கால் என்பதன் பழைய குறி. ஆகவே அது மிளகாய் வற்றல் கால் வீசை. வீசை என்பது நாற்பது பலம், இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு கிலோ நானூறு கிராம் என்பதையும் அவரே சொன்னார். வட்டமிட்ட வரிகளுக்கு வந்ததும் சற்று நிறுத்தி, "உங்கள் வீட்டில் அப்போது யாருக்குக் குழந்தை பிறந்தது?" என்று கேட்டார்.

பி.பெ.ம. என்பது பிள்ளைப்பெற்றாள் மருந்து. சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்களாம். வீட்டில் இடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறி லேகியமாக்கித் தாய்க்குக் கொடுப்பது. ப.க. பனங்கருப்பட்டி, வி.எ. விளக்கெண்ணெய். உ.ம. என்பது உரைமருந்து: வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சாதிக்காய் என்று குழந்தைக்கு இழைத்துப் புகட்டும் செட்டு. சீட்டில் மிளகைக் காணோமே என்று அவரே வியந்துவிட்டு, தோட்டம் என்றதும் சிரித்தார். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி படர்ந்திருக்கும் இடத்தில் மிளகை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ஆனால், வீட்டின் கடைக்குட்டியான அப்பாவே பிறந்தது 1953இல். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிரசவமே இல்லை.

ஜூன் 14, சனி

அம்மாபேட்டைக்குப் போய் அத்தையிடம் காட்டினேன். அத்தைக்கு எழுபத்தாறு வயது; அப்போது பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும். படத்தைப் பார்க்குமுன்பே, நான் சொன்ன பெயர்களைக் கேட்டதும், "அது கீழ் லயன் பொண்ணுக்குடா கண்ணு" என்றார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தாம் லயன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவளாம். தலைப்பிரசவம், கூட்டிப் போகத் தாய்வீடு இல்லை, கட்டியவன் எங்கே போனான் என்றும் தெரியவில்லை. அப்பாயி இரவில் லேகியம் கிளறுவார். விடிந்ததும் அத்தை அதைத் தூக்குப்போசியில் போட்டு, மேலே இரண்டு கொய்யாப்பழத்தை வைத்து மறைத்து, காபிச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாராம். தாத்தா லயன் ஆட்களிடம் கறாரானவர். ஒருத்திக்குக் கொடுத்தால் நாளை எல்லாரும் வந்து நிற்பார்கள் என்பது அவர் கட்சி. மாதக் கடைசியில் கடைச்சீட்டை அவர்தாம் சரிபார்ப்பார் என்பதால், அப்பாயி எல்லாவற்றையும் சுருக்கி எழுதினார். து.ப.வும் க.ப.வும் வெறும் துணைக்கு வந்தவை. நான்கு வரிகளை மட்டும் சுருக்கினால் கண்ணில் படும் அல்லவா? இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வட்டம், தனிப் பொட்டலமாகக் கட்டும்படி கடைக்காரருக்குச் சொன்ன குறி.

"கடைசிவரைக்கும் உங்க தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அத்தை பெருமையோடு சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி மகள் இரவெல்லாம் அந்தப் படத்தையே நோண்டியிருக்கிறாள். சிவப்பு அடுக்கில் நீல மை எடுப்பாகத் தெரியும், ஆனால் சிவப்பு மை இருந்தால் தாளோடு தாளாக மறைந்துவிடும் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்ததாம். பச்சை அடுக்கை எடுத்து அனுப்பியிருந்தாள். வலது ஓரத்தில் புதிதாகச் சில கீற்றுகள். மூலப் படத்தில் அவை கறை என்றே தோன்றும் அளவுக்கு மங்கிய இளஞ்சிவப்பு.

கணக்குப்பிள்ளைகள் சிவப்பு மையில்தான் சரிபார்ப்பார்கள். நான்கு வட்டங்களில் முதலாவதன் எதிரே "௶ க.பி.", அடுத்த மூன்றின் எதிரேயும் "௸", "௸", "௸". முதற்குறி பற்று, மற்றது மேற்படி. க.பி. என்பது கணக்குப்பிள்ளை. நான்கு சாமான்களின் விலையையும் வீட்டுச் செலவிலிருந்து பிரித்து, தம் பெயரில் பற்று எழுதிக்கொண்டிருக்கிறார். பி.பெ.ம. வரியில் ஒரு திருத்தமும் இருக்கிறது: அப்பாயி எழுதிய "வ" அடிக்கப்பட்டு, மேலே சிவப்பில் "அரை".

அத்தையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதுதானே பார்த்தேன், அந்த மருந்து தீரவே தீராது. கடைக்காரன் நிறுத்ததில் தாராளம் என்று அம்மா அவனையல்லவா வாழ்த்திக்கொண்டிருந்தாள்!" என்றார். கைப்பேசியில் அனுப்பினால் தமக்குத் தெரியாதாம். பெரிதாக அச்சடித்து, சிவப்பு எழுத்துகள் தெரிகிற படத்தையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.