இடமிருந்து 9, வலமிருந்து 14: மொத்தம் எத்தனை பேர்?

பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு வகுப்பு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு.

போன வாரக் கணக்கு இது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் அக்காமார் பத்துமலை ஆற்றங்கரையில் ஒரே வரிசையாக நிற்கிறார்கள். மாதவி இடமிருந்து 9ஆவது, வலமிருந்து 14ஆவது. மொத்தம் எத்தனை பேர்?

பாதிப் பேர் 23 என்று எழுதியிருந்தீர்கள். விடை 22. இடப்பக்கமிருந்து எண்ணும்போதும் மாதவியை எண்ணினோம், வலப்பக்கமிருந்து எண்ணும்போதும் எண்ணினோம். அவளுக்கு இடப்பக்கம் 8 பேர், வலப்பக்கம் 13 பேர், நடுவில் அவள் ஒருத்தி.

மொத்தம் = இடம் + வலம் − 1

"யாரோட இடது கை பக்கம் சார்? நம்மளதா, அவங்களதா?" என்று கவின் கேட்டான். நல்ல கேள்வி. எப்படி எண்ணினாலும் 9-உம் 14-உம் இடம் மாறும், அவ்வளவுதான். கூட்டி 1 கழித்தால் அதே 22.

இதையே பத்துமலைப் படிக்கட்டில் திருப்பிப் போடலாம். மொத்தம் 272 படி. கீழிருந்து 100ஆவது படியில் மூச்சுவாங்க உட்கார்ந்துவிட்டீர்கள். மேலிருந்து அது எத்தனையாவது படி? 272 − 100 + 1 = 173. இன்னும் ஏற வேண்டியது 172 படிதான். ஆனால் கேள்வி அதுவல்ல. பலரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

இனி இரண்டு பேர் வரும் கணக்கு. புட்டுமாயம் கடை முன்னால் ஒரு வரிசை. கவின் இடமிருந்து 15ஆவது, தேவி வலமிருந்து 14ஆவது, இருவருக்கும் நடுவில் 3 பேர். உடனே 15 + 14 + 3 = 32 என்று எழுதிவிடாதீர்கள். தேவி கவினுக்கு வலப்பக்கம் நின்றால்தான் 32. இடப்பக்கம் நின்றால்? கவின் 15 என்றால் தேவி இடமிருந்து 11ஆவது. அவளே வலமிருந்து 14ஆவதும் கூட. 11 + 14 − 1 = 24. ஒரே கேள்விக்கு இரண்டு விடை! "குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்று கேட்டிருந்தால் 24-ஐ எழுதுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட நோட்டில் கோடு போட்டு இரண்டு பேரையும் நிறுத்திப் பார்ப்பது மேல்.

இடம் மாற்றிக்கொள்ளும் கணக்கு பார்க்கத்தான் பயமாக இருக்கும். ரவி இடமிருந்து 9ஆவது, குமார் வலமிருந்து 12ஆவது. இருவரும் இடம் மாறியதும் ரவி இடமிருந்து 17ஆவது ஆகிவிட்டான். ரவி இப்போது நிற்பது குமாரின் பழைய இடம். அது வலமிருந்து 12. ஆக, 17 + 12 − 1 = 28.

வீட்டுக் கணக்கு:

1. மேலே சொன்ன குமார் இப்போது வலமிருந்து எத்தனையாவது?

2. எல்ஆர்டி நிலையத்தில் ஒரு வரிசை. அம்மா முன்னாலிருந்து 6ஆவது, பின்னாலிருந்து 19ஆவது. அம்மாவுக்குப் பின்னால் மூவர் விலகிப் போய்விட்டார்கள். இப்போது வரிசையில் எத்தனை பேர்?

3. லதா இடமிருந்து 7ஆவது, செல்வி வலமிருந்து 11ஆவது. மொத்தம் எத்தனை பேர்?

இதில் ஒரு கணக்குக்கு, கொடுத்த விவரத்தை வைத்து விடை சொல்லவே முடியாது. எது, ஏன் என்று இரண்டு வரி எழுதி வாருங்கள்.