ஆண்டு மலர்: படங்கள் அச்சகத்துக்குப் போகும் முன்

☐ வாட்ஸப்பில் சுருங்கி வந்த படமா? அனுப்பியவரிடம் மூலப் படத்தை டாக்குமென்டாகக் கேட்டு வாங்குங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்.

☐ அங்குலத்துக்கு 300 பிக்சல். 3 அங்குல அகலத்துக்கு 900 பிக்சல் வேண்டும். குறைந்தால் இழுத்துப் பெரிதாக்காமல் சிறிய கட்டத்தில் போடுங்கள்.

☐ பழைய பிரிண்டுகள்: 600 டிபிஐ ஸ்கேன்.

☐ வரிசை மாறக்கூடாது: வெளிச்சம், நிறம், இருட்டுப் படத்தில் புள்ளிகளைக் குறைத்தல், அச்சு அளவுக்கு மாற்றுதல், கடைசியில்தான் ஷார்ப்பனிங். 100 சதவீதத்தில் பாருங்கள். முகத்தோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஷார்ப்பனிங் அளவு மீறிவிட்டது.

☐ கை ஆடி எடுத்த படத்தை எந்த ஷார்ப்பனிங்கும் காப்பாற்றாது. வேறு படம் இல்லை என்பதற்காக எந்த மாணவரையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி எடுங்கள்.

☐ மூலக் கோப்பின் மேல் சேமிக்க வேண்டாம்.

☐ ஒரு பக்கம் மாதிரி அச்சு.